பங்குனி உத்திரத்துக்கு வேன் வாடகையைக் கூட்டினேன், பழைய வாடிக்கைக்காரர் விலகிவிட்டார். நான் செய்தது சரியா?

பாளை வேன்காரர் | 13 ஜூலை 2025, இரவு 9:40

பாளையங்கோட்டையில் சின்ன அளவில் டிராவல்ஸ் நடத்துகிறேன். 12 சீட் டிராவலர் வேன் ஒன்று, கார் இரண்டு. மூன்று மாதமாக மனதில் கிடக்கிற ஒரு விஷயத்தைக் கேட்கத்தான் இந்த இழை.

பங்குனி உத்திரம் வந்தால் நம்ம பக்கத்துக் குடும்பங்கள் எந்த ஊரில் இருந்தாலும் தங்கள் சாஸ்தா கோவிலுக்கு வந்துவிடும். இந்த வருஷம் உத்திரம் ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை. அடுத்து சனி, ஞாயிறு. திங்கள் சித்திரை விசு. நாலு நாளும் ஒட்டி வந்ததால், வெளியூரில் இருப்பவர்கள் எல்லாரும் லீவு போட்டு வந்துவிட்டார்கள். வேனுக்கு மட்டும் பத்து நாளில் 31 போன்.

எனக்கு ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒன்பது வருஷ வாடிக்கை. வருஷத்துக்கு எட்டு, ஒன்பது ஓட்டம் தருவார். அம்மாவுக்குக் கண் ஆஸ்பத்திரி, விசேஷ வீடு, உத்திரத்துக்குத் திருச்செந்தூர் பக்கம் அவர்கள் சாஸ்தா கோவில். போக வர 120 கிலோமீட்டருக்குள்தான். வழக்கமான நாளில் டீசல், டிரைவர் பேட்டா எல்லாம் சேர்த்து வேனுக்கு 6,200 வாங்குவேன். போன வருஷம் உத்திரத்துக்கும் அதையேதான் வாங்கினேன். இந்த வருஷம் 9,500 சொன்னேன். வெளியே 11,000 வரை ஓடியது.

அவர் ஒன்றும் பேசவில்லை. "சரிப்பா" என்று வைத்துவிட்டார். அப்புறம் யாரோ ஒருவரின் சொந்த வண்டியில் போனதாகக் கேள்விப்பட்டேன். அதிலிருந்து ஒரு போன் இல்லை. ஆடி பிறக்கப் போகிறது, கல்யாண ஓட்டமும் இருக்காது. நான் செய்தது அநியாயமா, இல்லை அன்றைய தேவைக்குத் தகுந்த விலைதானா? இதை எப்படி எடைபோடுவது?

ரதவீதி வியாபாரி | 13 ஜூலை, இரவு 10:15

இதில் அநியாயம் எதுவும் இல்லை, அண்ணாச்சி. உத்திரத்துக்கு முந்தின நாள் பிச்சிப்பூ, மல்லிகைப்பூ விலை என்ன ஆகிறது? கிலோவுக்கு மூன்று மடங்கு ஏறும். யாராவது பூக்காரியிடம் கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார்களா? தேவை கூடினால் விலை கூடும்.

இன்னொன்று. வாடகைக் கார் ஆப்களுக்கு மத்திய அரசு இந்த மாதம் கொடுத்த வழிகாட்டுதலில், நெரிசல் நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு வரை வாங்கலாம் என்று இருக்கிறது. 2020-ல் அது ஒன்றரை மடங்காக இருந்தது. நீங்கள் கூட்டியது ஒன்றரை மடங்குதான். அரசாங்கமே ஒத்துக்கொண்ட அளவுக்குள்தானே இருக்கிறீர்கள்?

தேரிக்காட்டுப் பையன் | 13 ஜூலை, இரவு 10:52

இதைத்தான் நானும் கேட்கிறேன். தீபாவளிக்குச் சென்னையிலிருந்து நெல்லைக்கு ஒரு தனியார் பேருந்தில் வழக்கமாக 900 ரூபாய் டிக்கெட்டுக்கு 3,200 கொடுத்தேன். ரயிலில் முன்பதிவு திறந்த சில நிமிஷத்தில் வெயிட்டிங் லிஸ்ட். பண்டிகைக்கு ஊருக்கு வருவது ஒரு குற்றமா? அரசு இதற்கு உச்ச வரம்பு வைக்க வேண்டும்.

பாளை வேன்காரர் | 13 ஜூலை, இரவு 11:05

தம்பி, உங்கள் வருத்தம் புரிகிறது. பேருந்து டிக்கெட் வேறு பிரச்சினை. அங்கே யார் வாடிக்கை, யார் புதுசு என்று பேருந்துக்காரருக்குத் தெரியாது. எனக்கு அவர் வீட்டுத் திண்ணை வரைக்கும் தெரியும். என் கேள்வியே அதனால்தான் வருகிறது.

குற்றாலச் சாரல் | 14 ஜூலை, காலை 6:20

தென்காசிப் பக்கம் 26 வருஷமாக வண்டி ஓட்டி, இப்போது வண்டி விடுகிறேன். குற்றால சீசனில் ஒவ்வொரு வருஷமும் இதே பாடுதான் எனக்கும்.

முதலில் பூ விஷயம். பூக்காரி கூட்டி விற்றால், அன்று காலை சந்தையில் அவளும் கூட்டித்தான் வாங்கியிருப்பாள். அது அவளுடைய அடக்கவிலை. அது வாங்குகிறவர்களுக்கும் தெரியும், அதனால்தான் சண்டை வருவதில்லை. வேன் அப்படி இல்லை. நேற்று நின்ற அதே வேன்தான் இன்றும் நிற்கிறது. ஆகவே "உனக்கு என்ன கூடிற்று?" என்று வாடிக்கைக்காரர் மனதுக்குள் கேட்பார்.

ஆப்பும் நமக்குப் பொருந்தாது. டவுனில் மழை பெய்யும்போது ஆப் விலையைக் கூட்டினால், வீட்டில் படுத்திருக்கிற நாலு டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு வருவார்கள். கூடின விலை வண்டியைக் கூட்டுகிறது. உத்திரத்தன்று திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் சும்மா நிற்கிற டிராவலர் எங்கே இருக்கிறது? நீங்கள் 15,000 சொன்னாலும் இங்கே இன்னொரு வேன் முளைக்காது.

ஆனால் கூடவே கூடாது என்று சொல்லவில்லை. அன்றைக்கு உங்களுக்கு உண்மையாகவே என்ன கூடியது என்று எழுதிப் பாருங்கள். பேட்டா, டீசல், நேரம், மறுநாள் போன ஓட்டம். பிறகு அந்த 31 போனைப் பிரித்துப் பாருங்கள். எண் இருக்கும் அல்லவா? 31 போன் என்பது 31 குடும்பம் இல்லை. நம்ம ஊரில் ஒரே குடும்பத்துக்காக அண்ணனும் மச்சினனும் தனித்தனியாக விசாரிப்பார்கள், அதுவும் ஐந்து டிராவல்ஸில். போன் மணி ஓயாமல் அடிப்பதால் ஊரே வண்டி கேட்கிறது என்று நமக்குத் தோன்றிவிடும். அந்தத் தோற்றத்தை வைத்து விலை சொன்னால் தப்பாகும். அட்வான்ஸ் போடத் தயாராக இருந்தவர் எத்தனை பேர் என்பதுதான் தேவை.

ஸ்டியரிங் சங்கரன்கோவில் | 14 ஜூலை, காலை 9:30

நான் ஆக்டிங் டிரைவர். ஒருவரும் டிரைவரைப் பற்றிப் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

உத்திரத்துக்கு எனக்கும் சாஸ்தா உண்டு. என் பிள்ளைகளும் பொங்கல் வைக்கிற இடத்தில் அப்பா வரவில்லையா என்று கேட்கும். அன்று வண்டி எடுத்தால் காலை நாலு மணிக்குக் கிளம்பி, ஊருக்குள் நுழையவே இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, இரவு ஒன்பது பத்துக்குத் திரும்புவோம். அதற்கு 2,000 கேட்டால் "வழக்கமாக 700தானே" என்கிற ஓனர்களும் உண்டு. அதே ஓனர் பார்ட்டியிடம் இரண்டு மடங்கு வாங்கியிருப்பார்.

அதைவிட மோசமானது டபுள் டிரிப். விலை ஏறியிருக்கும் நாளில் ஓனருக்கு ஆசை வருகிறது. காலையில் ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டு, திரும்பி வந்து இன்னொரு குடும்பம். எனக்கு ஒரு தடவை அப்படித்தான் ஆனது. முந்தின இரவு தூக்கம் இல்லை. திரும்புகையில் கண் ஒரு நொடி மூடிவிட்டது, சாலையோரக் கல்லில் சக்கரம் ஏறியதில்தான் விழித்தேன். வேனில் பதினோரு பேர். கூட்டின விலையில் டிரைவருக்கு என்ன போகிறது என்று பார்த்துவிட்டு நியாயம் பேசுங்கள்.

பாளை வேன்காரர் | 14 ஜூலை, இரவு 8:10

சாரல் அண்ணாச்சி சொன்னபடி நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். போன் எழுதி வைப்பது என் மதினிதான், நல்லவேளையாக எல்லா எண்ணும் இருந்தது. இன்று முழுக்க அவர்களுக்குப் போன் செய்து கேட்டேன்.

31 போன் 22 குடும்பமாக வந்து நின்றது. அதில் 9 பேர் பல இடத்தில் விசாரித்துவிட்டு வேறு வண்டி பிடித்துவிட்டார்கள். 5 பேர் சொந்தக் கார் அல்லது அரசுப் பேருந்தில் போயிருக்கிறார்கள். மிச்சம் 8 பேர்தான் அன்று அட்வான்ஸ் கொடுக்கத் தயாராக இருந்தவர்கள். என்னிடம் ஒரு வேன், தெரிந்தவர்களிடம் எடுத்தால் இன்னும் இரண்டு. ஆக மூன்று வேனுக்கு எட்டுக் குடும்பம். தட்டுப்பாடு உண்மைதான், நான் நினைத்ததில் பாதிகூட இல்லை.

செலவையும் எழுதினேன். என் டிரைவர் அவர் சாஸ்தாவுக்குப் போய்விட்டதால் ஆக்டிங் டிரைவர். பேட்டா 700-க்குப் பதில் 2,000. வரிசையில் ஏ.சி. போட்டபடி நின்றதில் டீசல் 600 கூடுதல். பார்க்கிங் 100. மொத்தம் 2,000. அப்படியானால் 8,200 வாங்கியிருந்தால் வழக்கமான லாபம் வந்திருக்கும். நான் சொன்ன 9,500-ல் மிச்சம் 1,300 வெறும் தட்டுப்பாட்டுக்கு வாங்கியது. இதுவரைக்கும் நான் கூட்டியது முழுவதையுமே தட்டுப்பாட்டு விலை என்றுதான் நினைத்திருந்தேன்.

வகுப்பறை 204 | 14 ஜூலை, இரவு 9:25

நான் பாளையில் ஒரு கல்லூரியில் பொருளியல் நடத்துகிறேன். உங்கள் கணக்கைப் படித்ததும் வகுப்பில் சொல்கிற ஓர் ஆய்வு நினைவுக்கு வந்தது. கானமன், நெட்ச், தேலர் மூவரும் கனடாவில் தொலைபேசியில் மக்களிடம் கேட்டு 1986-ல் வெளியிட்டது. ஒரு கடையில் பனி அள்ளும் மண்வெட்டி 15 டாலர். பெரிய பனிப்புயலுக்கு மறுநாள் காலை கடைக்காரர் 20 டாலர் ஆக்குகிறார். இது நியாயமா? 82 சதவீதம் பேர் அநியாயம் என்றார்கள். ஆனால் கடைக்காரருக்கே கொள்முதல் விலை கூடி, அதனால் அவர் கூட்டினால் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டார்கள்.

ரதவீதி அண்ணன் சொல்வது பாடப்புத்தகத்தின் முதல் பாதி. தேவை கூடினால் விலை கூடும் என்பது நடப்பது. வாங்குகிறவர் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பது வேறு. பழைய விலையின் மேல் தனக்கு ஓர் உரிமை இருப்பதாக அவர் நினைக்கிறார், விற்கிறவருக்கும் தன் பழைய லாபத்தின் மேல் உரிமை உண்டு என்று ஒத்துக்கொள்கிறார். உங்கள் ஆசிரியரிடம் 8,200-க்கான காரணத்தைச் சொல்லியிருந்தால் அவர் ஏற்றிருக்கக்கூடும். நீங்கள் அவரிடம் என்ன சொல்லிக் கேட்டீர்கள்?

பாளை வேன்காரர் | 14 ஜூலை, இரவு 9:50

"சார், இப்போ ரேட்டு இதுதான், வெளியே பதினோராயிரம் போகுது" என்றேன். அதுவும் உத்திரத்துக்கு நாலு நாள் முன்னால்.

குற்றாலச் சாரல் | 14 ஜூலை, இரவு 10:30

அந்த வாக்கியம்தான் அவரை வெட்டியது. வெளியே என்ன போகிறது என்று சொன்னால், "நீயும் வெளி ஆள்தான்" என்று அவர் காதில் விழும். நாலு நாள் முன்னால் சொன்னதால் வேறு வழி தேடவும் நேரம் இல்லை. கடைசியில் ஒயிட் போர்டு வண்டியில் குடும்பத்தை ஏற்றியிருக்கிறார். வழியில் ஏதாவது ஆகியிருந்தால், வாடகைக்கு ஓட்டியது தெரிந்ததும் இன்சூரன்ஸ்காரர்கள் பணம் தர மறுப்பார்கள்.

நான் சீசனில் செய்வதைச் சொல்கிறேன். என் சொந்த வண்டிகளை வாடிக்கைக்காரர்களுக்கு ஒதுக்குவேன். விலை, வழக்கமான வாடகையோடு அன்றைய உண்மையான கூடுதல் செலவு மட்டும். ஆனால் தேதி உண்டு. உங்களுக்கு என்றால் மாசி கடைசிக்குள் சொல்லி 1,000 அட்வான்ஸ் போட வேண்டும். அந்தத் தேதி தாண்டினால் வாடிக்கைக்காரரும் மற்றவர்களோடுதான். இப்படிச் செய்யும்போது வண்டியைப் பங்குபோடுவது தேதிதான், பணம் இல்லை.

பிந்தி வருகிறவர்களுக்கு வெளியூர் வண்டி. மதுரையிலிருந்து ஒரு டிராவலர் வர வேண்டும் என்றால் காலியாக வந்து காலியாகப் போக 320 கிலோமீட்டர். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுத்தால் 32 லிட்டர், டீசல் மட்டுமே 3,000 தொடும். டோல் வேறு. உங்கள் 8,200-ஓடு அதைச் சேர்த்தால் 11,200-க்கு மேல் போகும். அந்த விலை சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை, அது வண்டி வந்துசேர்கிற விலை. ஆப்பில் நடக்கிற மாதிரி, இங்கே மட்டும்தான் கூடின விலை ஒரு வண்டியைக் கொண்டுவருகிறது.

யார் வாடிக்கைக்காரர் என்பதையும் முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு தடவை ஸ்டேஷனுக்குக் கார் எடுத்தவரும் "நாங்க உங்க பழைய பார்ட்டி" என்பார். கடந்த பன்னிரண்டு மாதத்தில் கூட்டம் இல்லாத நாளில் மூன்று ஓட்டமாவது தந்தவர் என்பது என் அளவு. ஆடியிலும் மார்கழியிலும் வண்டியை நிற்கவிடாமல் பார்த்துக்கொள்கிறவர்களுக்குத்தான் அந்தச் சலுகை.

முத்துமாலை மகள் | 15 ஜூலை, காலை 7:45

எல்லாரும் ஓனர் பக்கமும் உள்ளூர்க்காரர் பக்கமும் பேசுகிறீர்கள். நான் சென்னையில் இருக்கிறேன். இந்த உத்திரத்துக்கு 12,000 கொடுத்து வேன் எடுத்தவள்.

சாஸ்தா எங்களுக்கும்தான். அப்பா இருந்தவரை பாளையில் வீடு இருந்தது, இப்போது இல்லை. ஆடியிலும் மார்கழியிலும் நான் எப்படி ஓட்டம் தர முடியும்? மாசியில் அட்வான்ஸ் போடுங்கள் என்றால் எனக்கு லீவு கிடைக்குமா என்று தெரிவதே பத்து நாளைக்கு முன்னால்தான். வருஷத்தில் ஒரே ஒரு நாள் வருகிற எங்கள் தலையில்தான் மதுரை வண்டியின் காலி ஓட்டம் முழுக்க விழ வேண்டுமா? ஊரைவிட்டுப் போனதற்கு அபராதம் மாதிரி இருக்கிறது. என் அம்மாவுக்கு 71 வயது, பேருந்தில் நின்றுகொண்டு போக முடியாது. இல்லாவிட்டால் நான் பேருந்திலேயே போயிருப்பேன்.

ரதவீதி வியாபாரி | 15 ஜூலை, காலை 10:10

தங்கச்சி கேட்பதில் நியாயம் இருக்கிறது. உள்ளூர் ஆசிரியருக்கு 8,200, சென்னைப் பொண்ணுக்கு 11,000 என்றால் அதுவும் பாரபட்சம்தானே? பூ விஷயத்தில் நான் அவசரப்பட்டுப் பேசிவிட்டேன், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் கடையில் எல்லாருக்கும் ஒரே விலை. அது ஒரு சுத்தமான வழி என்று இன்னமும் நினைக்கிறேன். எட்டுப் பேருக்கும் சேர்த்துச் சராசரி போட்டு ஒரே விலையாகச் சொல்லலாமே.

குற்றாலச் சாரல் | 15 ஜூலை, மதியம் 2:30

சராசரி போட்டால் என்ன ஆகும் என்று ஒரு சீசனில் பார்த்துவிட்டேன். எல்லாருக்கும் கொஞ்சம் கூடும், வாடிக்கைக்காரர் முதலில் விலகுவார். அவர் விட்டுப்போன இடத்துக்கு வருகிறவர் இரண்டு டிராவல்ஸில் சொல்லி வைத்துவிட்டு, முந்தின இரவு ஒன்றைக் கேன்சல் செய்வார். அந்த நஷ்டத்தைச் சமாளிக்க இன்னும் கூட்ட வேண்டியிருக்கும்.

ஆனால் அந்த அம்மா சொன்னதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒன்று செய்யலாம். உத்திரத்துக்குக் காலை ஆறு மணிக்கே போய்ச் சேர வேண்டும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். பொங்கல் வைக்காமல் சாமி கும்பிட்டு வந்தால் போதும் என்கிறவர்கள் மதியத்துக்கு மேல் போகலாம். கூட்டமும் கொஞ்சம் குறைந்திருக்கும். அந்த நேரத்துக்குச் சிறிய காரை வழக்கமான வாடகைக்கே தரலாம், ஏனென்றால் அப்போது கார்கள் சும்மா நிற்கும். ஐந்து பேர் குடும்பத்துக்கு அது சரிப்படும்.

முத்துமாலை மகள் | 15 ஜூலை, மாலை 6:05

நாங்கள் பதினோரு பேர். பொங்கலும் வைக்க வேண்டும். ஆனாலும் விலை எதனால் என்று இப்போது தெரிகிறது. எனக்கு வண்டி தந்தவர் "வேண்டுமா வேண்டாமா, சீக்கிரம் சொல்லுங்கள்" என்று மட்டும்தான் சொன்னார்.

ஸ்டியரிங் சங்கரன்கோவில் | 15 ஜூலை, இரவு 8:40

மதியம் சிறிய கார் என்றால், காலையில் ஓட்டிய அதே டிரைவர் இல்லாமல் இருக்க வேண்டும். அதை மட்டும் எழுதி வையுங்கள்.

பாளை வேன்காரர் | 20 ஜூலை, இரவு 9:15

இன்று ஆசிரியர் வீட்டுக்குப் போனேன். போனில் பேச மனம் வரவில்லை. அன்று கூடின 2,000 எதற்கு, மேலே வைத்த 1,300 எதற்கு என்று இரண்டையும் அப்படியே சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "2,000-ஐ நீ சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேன். நாலு நாள் முன்னால் சொன்னதுதான் எனக்கு வருத்தம், பேரப்பிள்ளைகள் எல்லாம் வந்து இறங்கியாச்சு" என்றார். டீ கொடுத்தார். வண்டி வேண்டும் என்று எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்னொரு விஷயம் நோட்டிலேயே கிடைத்தது. அட்வான்ஸ் போடத் தயாராக இருந்த அந்த எட்டுக் குடும்பத்தில் மூன்று, சாரல் அண்ணாச்சி அளவுப்படி வாடிக்கைக்காரர்கள். ஆசிரியர் அந்த மூவரில் ஒருவர். இருந்த மூன்று வேனும் அவர்களுக்கே சரியாகப் போயிருக்கும். மற்ற ஐந்து குடும்பத்துக்கு மதுரை வண்டி கேட்டுச் சொல்லியிருக்கலாம்.

அடுத்த உத்திரத்துக்குத் தை மாதமே மூன்று பேருக்கும் போன் செய்து, டிரைவர் பேட்டா 2,000 உட்பட விலையைச் சொல்லப் போகிறேன். என் டிரைவரிடமும் இப்போதே கேட்டேன். அவருக்கு அந்த நாள் லீவு வேண்டும் என்றார். சரி என்றேன். முத்துமாலை அக்கா மாதிரி வருஷம் ஒருமுறை வருகிறவர்களுக்கு என்ன செய்வது என்று இன்னும் பிடிபடவில்லை. தெரிந்தவர்கள் யாராவது தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் அப்படிப்பட்ட குடும்பங்களைச் சேர்த்து ஒரே வேனில் அழைத்துப் போனதுண்டா? ஒரே சாஸ்தாவாக இருந்தால் முடியும் என்று தோன்றுகிறது.

முத்துமாலை மகள் | 20 ஜூலை, இரவு 10:02

எங்கள் சாஸ்தாவுக்குச் சென்னையிலிருந்து வருகிற இன்னும் இரண்டு குடும்பத்தை எனக்குத் தெரியும். கேட்டுவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.